ஆயக்கட்டு எல்லை: புதுப்பிப்பு

ஆயக்கட்டு, அதாவது கால்வாய்த் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, எங்கே முடிகிறது என்பது பற்றி முன்பு எழுந்த கேள்வி இது: "கால்வாய்த் தண்ணி எந்த மேடு வரைக்கும் தானா பாயும்?"

கால்வாய் நீர்மட்டத்துக்குச் சமமான உயரத்தில் தரையில் கோடு போட்டால் அதுவே எல்லை என்று ஒருவர் பதில் சொன்னார்; அது பாதி சரி. மதகை விட்டுத் தள்ளிப் போகப் போக எல்லை இறங்கும். கால்வாயில் நீர்மட்டம் 100.00 மீ. என்று வையுங்கள். மதகில் 15 செ.மீ., 2000-க்கு 1 சரிவில் 800 மீட்டர் ஓடும் வாய்க்காலில் 40 செ.மீ., வயலில் நிற்க 15 செ.மீ. கழியும். அங்கே 99.30-க்கு மேலான தரை பாயாது.

மோட்டார் வைத்துத் தண்ணீரை ஏற்றும் வயல் இந்தக் கணக்கில் சேராது; இது தானாகப் பாயும் நிலத்துக்கு மட்டும்.

இந்தக் கழிவுகள் சென்டிமீட்டர் கணக்கு; செயற்கைக்கோள் தரும் தரை உயரத்தில் பிழையே மீட்டர் கணக்கில் வரும். லெவல் கருவிதான் வழி. மதகின் உயரத்தையும் வயலின் உயரத்தையும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து, அதாவது உயரம் தெரிந்த ஒரே நிலையான குறியிலிருந்து, எடுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் கிளப்பியது: முறைவைத்துத் தண்ணீர் விடும்போது கால்வாய் நீர்மட்டம் 20 செ.மீ. தாழ்ந்தால், 1000-க்கு 1 சரிவான நிலத்தில் 200 மீட்டர் அகலம் காயும். எல்லைக் கணக்குக்கு முழு மட்டத்தை எடுப்பதா, தாழ்ந்த மட்டத்தை எடுப்பதா? அது இன்னும் பேச்சில்தான்.