உயர நாடா மூண்டு சென்ரிமீற்றர் ஏறி நிண்டால்

வடமராட்சி மருந்தாளர்:
தான்சானியாவில யானைக்கால் மருந்து குடுத்த ஒரு பள்ளிக்கூடம் இன்னும் மனதை உறுத்துது. அந்த மருந்து ஐவர்மெக்ரின், நிறைக்குத்தான் குடுக்கிறது, தராசுக்குப் பதிலா உயரம் பார்க்கிறவை. 90 செ.மீ. தொடக்கம் 119 வரை 3 மில்லிகிராம் குளிசை ஒண்டு, 120–140 க்கு ரெண்டு, 158 வரை மூண்டு, அதுக்கு மேல நாலு. 90க்குக் கீழ குடுக்கிறதில்லை.

அங்க நாடாவை விறாந்தைச் சுவரில ஒட்டியிருந்தினம். சுவரடியில மூண்டு சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சீமெந்துத் திட்டு. நாடா திட்டுக்கு மேல தொடங்குது, பிள்ளை நிக்கிறது நிலத்தில. 122 செ.மீ. பிள்ளை 119 எண்டு விழுந்து ஒரு குளிசையோட போகுது. 26 கிலோ எண்டால் கிலோவுக்கு 115 மைக்ரோகிராம் மட்டில கிடைக்கும், வேண்டியது 150–200. வரிசை முழுக்க அதே பிழை, ஒருத்தரும் கவனிக்கேல்லை.

நெல்லியடி அம்மா:
என்ர மகன் நாலாம் வகுப்பு, வகுப்பிலயே கட்டை. பள்ளிக்கூடத்தில பூச்சிக்குளிசை எல்லாருக்கும் ஒண்டுதான் குடுத்தவை, உயரம் பார்க்கேல்லை. மருந்து கூடிப்போயிருக்குமோ?

கோண்டாவில் ரீச்சர்:
அக்கா, உயரம் பார்க்காமல் எந்த மருந்தும் குடுக்கக் கூடாது, கேளுங்கோ. சப்பாத்தைக் கழட்டிப் போட்டுத்தான் நிக்க வேணும். உச்சியில கொண்டை கட்டின பிள்ளைக்குத் தலைமயிரை அமத்திப் பிடிக்காட்டி 118, 121 ஆகும். பிறகு ஒண்டுக்குப் பதிலா ரெண்டு குளிசை.

ஓய்வு பெற்ற பி.எச்.ஐ:
சப்பாத்து, கொண்டை சரி ரீச்சர், மற்றது பிழை. பூச்சிக்குக் குடுக்கிற மெபென்டசோல் 500 மில்லிகிராம், இல்லாட்டி அல்பென்டசோல் 400 மில்லிகிராம், குடலுக்குள்ள நிண்டு வேலை செய்யுது, இரத்தத்தில சேருறது கொஞ்சம்தான். அதால பள்ளிப் பிள்ளையளுக்கு ஒரே அளவு. தங்கச்சி பயப்பட வேண்டாம். உயரக் கணக்கு ஐவர்மெக்ரின், பிரசிகுவான்ரெல் மாதிரி உடம்பில சேருற மருந்துகளுக்கு.

நாடா ஒட்டுறவைக்கு ஒரு விசயம். 120 செ.மீ.க்குச் சரியா வெட்டின தடி ஒண்டு கொண்டு போங்கோ. பிள்ளை நிக்கிற அதே இடத்தில நிமித்தி வைச்சால் தடியின்ர நுனி நாடாவில 120 இல நிக்க வேணும். 117 இல நிண்டால் நாடா ஏறிப்போச்சு. துணி நாடா இழுபட்டாலும் இதில தெரியும். தலையில அடிமட்டத்தைக் கிடையா வையுங்கோ, கையை வைச்சால் சரியும். சின்னப் பிள்ளையளுக்குக் குளிசையை நசிச்சுத் தண்ணியோட குடுங்கோ, முழுசா விழுங்க வைச்சால் புரையேறும். அழுகிற பிள்ளைக்கு வாயை அமத்தித் திறந்து ஊத்த வேண்டாம்.

வடமராட்சி மருந்தாளர்:
தடி நல்ல யோசினை அண்ணை. ஆனா நாடா சரியா இருந்தாலும் 118 செ.மீ.இல 30 கிலோப் பிள்ளைக்கு ஒரு குளிசைதானே? கிலோவுக்கு 100தான் வரும்.

ஓய்வு பெற்ற பி.எச்.ஐ:
ஓம். பக்கத்தில தராசு இருந்தால் நான் நிறையைத்தான் பார்ப்பன்.

கோண்டாவில் ரீச்சர்:
ஆயிரம் பிள்ளையள் வரிசையில நிக்கேக்க ஆர் ரெண்டு முறை அளக்கிறது அண்ணை?