“எனக்கு மறந்து போனது” என்று எழுதலாமா?

உவர்மலை வாசி:
என் மனைவியின் தகப்பனாருடைய இரண்டாம் ஆண்டுத் திவசம் சென்ற வியாழக்கிழமை. நான் மறந்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அவள் மூன்று நாட்களாகத் தேவைக்கு மட்டுமே பேசுகிறாள். இப்படியொரு கடிதம் எழுதியிருக்கிறேன். கொடுக்கலாமா?

“மாமாவின் திவசம் எனக்கு மறந்து போனது. துறைமுகத்தில் இரட்டை நேர வேலை. திதியும் இம்முறை முந்தி வந்துவிட்டது. உன் மனம் புண்பட்டிருந்தால் என்னை மன்னித்துக்கொள்.”

சாம்பல்தீவான்:
தாராளமாகக் கொடுங்கள். மூன்று வரியில் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஒரு நாள் மறதிக்கு இதற்கு மேல் எழுதினால், செய்யாத குற்றத்தையும் நாமே தலையில் ஏற்றிக்கொண்டதாகிவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மூன்று வரியில் எல்லாம் அடங்கியிருக்கிறது என்பது உண்மைதான், மன்னிப்பைத் தவிர. “எனக்கு மறந்து போனது” என்ற தொடரில் மறந்தவர் யார்? திவசம் தானாக எழுந்து நடந்து கோணேசர் மலையடி வரை போய் மறைந்துவிட்டதைப் போலவும், இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததைப் போலவும் இருக்கிறது. “நான் மறந்தேன்” என்று எழுதுங்கள். அந்த ஒரு சொல்லை எழுதக் கை கூசுகிறதென்றால், மிச்சம் இரண்டு வரியும் அந்தக் கூச்சத்தை மறைக்க வந்தவை என்று உங்கள் மனைவி உடனே கண்டுகொள்வார்.

சாம்பல்தீவான்:
ஐயா, திருகோணமலையில் பிறந்த எவரும் வாய் திறந்தால் “எனக்கு மறந்து போச்சு” என்றுதான் சொல்வார்கள். “எனக்குப் பசிக்கிறது” என்றும் சொல்கிறோம். அதற்காகப் பசியின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிட்டோம் என்று வழக்குப் போடுவீர்களா? என்னுடைய கவிதையில் ஒற்றுப் பிழை தேடிய அதே கண்ணாடியை இங்கேயும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
உங்கள் கவிதையில் பிழையைத் தேட வேண்டியிருக்கவில்லை, அவையே வரிசையில் நின்றன. பசி நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஆகவே “எனக்குப் பசிக்கிறது” என்பது பொருத்தம். மாமனாரின் திவசத்தை நினைவில் வைத்திருப்பதோ இவர் ஏற்றுக்கொண்ட கடமை. கடமை தவறியவர் “எனக்கு” என்று நான்காம் வேற்றுமைக்குள் ஒளிந்துகொள்ளக் கூடாது. பேச்சில் சொன்னால் முகமும் குரலும் குறையை நிரப்பும். கடிதத்தில் சொல் மட்டுமே நிற்கிறது.

மனையாவெளிக்காரன்:
எனக்கும் இதே நிலைமை வந்தது. எங்களுடைய திருமண நாளை மறந்துபோய், மறுநாள் விடியற்காலையில் டச்சுக் குடாவுக்குப் போய், வலையிலிருந்து இறங்கியவுடன் ஒரு பெரிய பாரைமீன் வாங்கிக்கொண்டு வந்து குசினியில் வைத்தேன். மத்தியானத்துக்குள் சிரித்துவிட்டார். கடிதமெல்லாம் தேவையில்லை, நண்பரே.

நிலாவெளி மகள்:
திவசம் தவறிய வீட்டுக்குப் பாரைமீன்! அண்ணா, கேள்வியை ஒரு முறையாவது வாசித்துவிட்டு வாருங்கள்.

உவர்மலை அண்ணாவுக்கு ஒன்று சொல்கிறேன். அன்று உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். என் அப்பாவின் திவசத்தை நான் தனியாகச் செய்த ஆண்டும் உண்டு. விடியுமுன் முழுகிவிட்டுத் தேங்காய் துருவி, வாழைக்காயும் பூசணிக்காயும் சமைத்து, அப்பாவுக்குப் பிடித்த ஒரு கறியை மட்டும் கூடுதல் கவனத்தோடு வைத்து, இலை போட்டுப் படைத்துவிட்டு, காகத்துக்குச் சோறு வைக்க மதிலடிக்குப் போவோம். காகம் வந்த பிறகும் உடனே சாப்பிட மனம் வராது. படலை திறக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருக்கும். உங்கள் கடிதத்தில் துறைமுகம் இருக்கிறது, திதி இருக்கிறது, அந்த இலையின் முன்னால் தனியாக இருந்தவள் எங்கே?

சாம்பல்தீவான்:
திதியைச் சொன்னதில் என்ன பிழை? திதி ஒவ்வோர் ஆண்டும் பதினொரு நாள் முந்தித்தான் வரும். அது கணக்கு, சாட்டு அல்ல.

நிலாவெளி மகள்:
ஒவ்வோர் ஆண்டும் பதினொரு நாள் முந்திக்கொண்டே போனால், ஆடியில் இறந்தவருக்குச் சில ஆண்டுகளில் சித்திரையில் திவசம் செய்ய வேண்டியிருக்குமே! அந்தத் திதி குறித்த தமிழ் மாதத்தை விட்டு வெளியே போகும் ஆண்டில், அடுத்த முறை அதே மாதத்துக்குள் வரும் திதியை எடுப்பார்கள்; அப்போது நாள் பதினெட்டு, பத்தொன்பது நாள் பிந்திவிடும். அதனால்தான் பஞ்சாங்கம் பார்க்கிறோம். நாள் மாறி வரும் என்பது இரண்டு ஆண்டுகளாகத் தெரிந்த ஒருவர் அதையே காரணமாகச் சொன்னால், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை என்ற இரண்டாவது தவறையும் சேர்த்துச் சொன்னதாகத்தான் ஆகும்.

மனையாவெளிக்காரன்:
வாக்கியமா, திருக்கணிதமா? அதிலேயே ஒரு நாள் மாறிவிடுமே. எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கமும் இருந்து, இரண்டு பெரியப்பாமாரும் இன்றுவரை பேசுவதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பஞ்சாங்கச் சண்டையை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வினைச்சொல்லுக்கு வருவோம். “புண்பட்டிருந்தால்” என்ற சொல்லையும் பாருங்கள். மூன்று நாட்களாகப் பேசாமல் இருக்கும் மனைவியிடம், புண்பட்டாரோ இல்லையோ என்று ஐயப்படுகிறார்! நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“மாமாவின் திவசத்தை நான் மறந்தேன். ஐயருக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் நான், போகவில்லை. நீ தனியாகச் சமைத்து, தனியாகப் படைத்து, பின்னேரம் வரை சாப்பிடாமல் இருந்தாய். உன் சகோதரர்கள் தூர தேசத்தில் இருக்கையில் உன் பக்கத்தில் நிற்க வேண்டிய ஒருவனும் நிற்கவில்லை. நான் செய்தது பிழை.”

வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம்.

உவர்மலை வாசி:
சகோதரர்கள் வெளிநாட்டில் என்று நான் சொல்லவே இல்லையே, ஐயா. ஆனால் உண்மைதான், இருவரும் கனடாவில். இரட்டை நேர வேலையும் பொய் அல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நம் ஊரில் எந்த வீட்டில் சகோதரர்கள் உள்ளூரில் இருக்கிறார்கள்? வேலை பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மையான காரணமும் கேட்கப்படாமல் வந்தால் சாட்டுத்தான்.

சாம்பல்தீவான்:
இதைக் கொடுத்தால், நீதிமன்றத்தில் வாக்குமூலம் வாசிப்பதுபோல இருக்கும். கட்டிய மனைவியிடம் “நான் செய்தது பிழை” என்று எழுத்துமூலம் கொடுப்பவர், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தக் காகிதத்தைத் திரும்பத் திரும்பக் காண்பார். “எனக்கு மறந்து போனது” என்பதில் ஒரு நெருக்கம் இருக்கிறது. ஆசிரியருக்கு அது விளங்காது.

நிலாவெளி மகள்:
காகிதத்துக்குப் பயப்படுபவர் மன்னிப்புக் கேட்க வரவில்லை, பேரம் பேச வந்திருக்கிறார். ஆசிரியர் ஐயாவின் கடிதத்தில் எனக்கும் ஒரு குறை தெரிகிறது. அடுத்த ஆண்டு என்ன செய்வார் என்பது அதில் இல்லை. “மன்னித்துக்கொள்” என்ற சொல்லை அவர் எடுத்துவிட்டது நல்லது. மூன்று நாள் மனம் நொந்திருப்பவளிடம் உடனே ஒன்றைக் கேட்டு வாங்கும் ஏவல் அது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
அடுத்த ஆண்டை அடுத்த ஆண்டு பார்க்கலாம். வாக்குறுதி மலிவானது. முதலில் “மறந்தேன்”.

உவர்மலை வாசி:
நேற்றிரவு கொடுத்தேன். “மறந்தேன்” என்றே எழுதினேன். துறைமுகத்தையும் திதியையும் எடுத்துவிட்டேன். இலையையும் காகத்தையும் எழுதினேன். அவள் நின்றபடியே வாசித்தாள். மடித்து, சாமிப் படத்தடியில் விபூதித் தட்டுக்குக் கீழே வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் தேநீர் தரும்போது, “ஐயருக்கு அரிசி இன்னும் கொடுக்கவில்லை” என்றாள். இன்று லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஒரு சொல் மாறியதும் என்ன நடந்தது என்பதைச் சாம்பல்தீவார் கவனிக்க வேண்டும்.

சாம்பல்தீவான்:
எங்கே நடந்தது? மன்னித்தேன் என்று அவர் சொன்னாரா? “எனக்கு மறந்து போனது” என்று எழுதியிருந்தாலும் அரிசியைக் கொடுக்கச் சொல்லித்தான் இருப்பார்.

மனையாவெளிக்காரன்:
ஐயருக்குக் கொடுத்தாயிற்று என்றால், நாளைக்குப் பாரைமீன் வாங்கலாம்தானே?