செக்கு எண்ணெய் விளம்பரம்: ஏஜென்சி பிரீஃபைத் திருப்பி அனுப்பிட்டாங்க, எதை மாத்தறது?

பெருந்துறைக்காரன்
ஈரோடு பக்கம் மரச்செக்கு கடலை எண்ணெய் கம்பெனிங்க. மார்க்கெட்டிங் நான் பாக்கறேன். கோவை விளம்பர ஏஜென்சிக்கு, எங்களுக்கு என்ன வேணும்னு எழுதி அனுப்பின பிரீஃப் இதுதான்:

"டார்கெட்: 18 முதல் 60 வயது, ஆண் பெண், தமிழ்நாடு முழுக்க. செய்தி: சுத்தம், பாரம்பரியம், சுவை, இதயத்துக்கு இதம், கொலஸ்ட்ரால் இல்லை, நியாயமான விலை. வேண்டியது: 30 செகண்ட் படம், ரேடியோ, பஸ் பின்பக்கம். பட்ஜெட்: நீங்களே சொல்லுங்க. பொங்கலுக்கு முன்னாடி."

ரெண்டு ஐடியா கொண்டுவந்தாங்க. ரெண்டுலயும் பாட்டி, செக்கு, மாடு. முதலாளி வேண்டாம்னுட்டாரு. இப்ப பிரீஃபைச் சரிபண்ணிக் குடுங்கங்கறாங்க. யோசிக்கறது அவங்க வேலை இல்லீங்களா?

பட்டறை மணி
உங்க வேலைதான். ஆனா சிம்பிள். டார்கெட்டை "இல்லத்தரசி, 25-45"ன்னு சுருக்குங்க. செய்தியில அஞ்சை அடிச்சுட்டு "சுத்தம்" மட்டும் வைங்க. ஒரு பக்கத்துக்குள்ள முடிங்க. பட்ஜெட்டை மட்டும் சொல்லிராதீங்க, சொன்னா கடைசிப் பைசா வரைக்கும் கணக்கு எழுதிருவாங்க.

கீதா பிளானிங்
மணி சார், ஒரே செய்திங்கறது சரி. அதை இந்த லிஸ்ட்டுக்குள்ள தேடறதுதான் இடிக்குது. சுத்தம் இல்லைன்னு எந்த எண்ணெய் கம்பெனி சொல்லுது? அதை வெச்சு எழுத உக்காந்தா திரும்பவும் பாட்டியும் மாடும்தான் வரும்.

பெருந்துறைக்காரரே, வயசை விடுங்க. முதல் பாட்டில் வாங்கினவங்க ரெண்டாவது வாங்கறாங்களா? வாங்காதவங்க போன்ல என்ன சொல்றாங்க?

பெருந்துறைக்காரன்
அங்கதாங்க அடி. கண்காட்சி ஸ்டால்ல நல்லா போகுது, கடையிலயும் முதல் பாட்டில் போகுது. அப்புறம் பாதிப் பேரைக் காணோம். கஸ்டமர் நம்பருக்கு வர்றது முக்காவாசி ஒரே புகார்: பூரி போட்டா பொங்குது, சீக்கிரம் புகையுது, ரீஃபைண்டை விட ரெட்டிப்பு விலை. பெரும்பாலும் கோவை, திருப்பூர் நம்பருங்க.

டிசைனர் தம்பி
அண்ணா, பஸ் பின்பக்கத்துக்கு, எவ்வளவு பெருசாக்கினாலும் உடையாத வெக்டார் ஃபைல் அனுப்பச் சொல்லுங்க. எனக்கு ஒரு ஜவுளிக்கடை கிளையன்ட், வாட்ஸ்அப்ல வந்த லோகோவைக் குடுத்துட்டு "ஷார்ப்பா வரணும்"னாரு. அதுல பட்டு, ஷர்ட்டிங், குழந்தை டிரஸ், பார்க்கிங் வசதி, ஏசி எல்லாம் போடணுமாம். சிக்னல்ல பின்னால நிக்கிறவன் அத்தனையும் படிப்பானா?

கீதா பிளானிங்
தம்பி, அவர் லேஅவுட் கேக்கலை. ஆனா நீங்க சொல்ற வியாதியேதான் இவர் பிரீஃப்லயும்.

பெருந்துறைக்காரரே, போன்ல வந்த புகார் ஏன் பிரீஃப்ல இல்லை? எல்லாரும் மறைக்கிற பக்கம் அது. ஏஜென்சிக்கு வேண்டியதே அதுதான். உங்க பெயர் தெரியாதது பிரச்னையில்லை, வாங்கினவங்க திரும்பி வராததுதான் பிரச்னை. அதனால ஆடியன்ஸை இப்படி எழுதலாம்: "கோவை, திருப்பூர்ல ஆசைப்பட்டு ஒரு பாட்டில் செக்கு எண்ணெய் வாங்கி, அதுல பூரி சுட்டுப் பார்த்துட்டு, பழையபடி ரீஃபைண்டுக்குப் போனவங்க." இதைப் படிச்சா எழுதறவனுக்கு ஒரு அடுப்படி தெரியும். "18 முதல் 60"ல என்ன தெரியும்?

ரீஃபைண்ட் பண்ணும்போது பிசினையும் தனிக் கொழுப்பு அமிலத்தையும் எடுத்துடுவாங்க. செக்கு எண்ணெய்ல அது ரெண்டும் இருக்கும், அதான் பொரிக்கும்போது நுரைக்குது, சீக்கிரம் புகையுது. அதுக்கு ஏத்த செய்தி: "பொரிக்க எது வேணா வைங்க, தாளிக்க இதை வைங்க." ஆதாரம் வாசம். சூடான எண்ணெய்ல கடுகும் கறிவேப்பிலையும் விழுற நொடியை ரீஃபைண்டால காட்ட முடியாது. விலைப் புகாரும் இதுலயே பாதி அடங்கும், தாளிக்க ஒரு ஸ்பூன் போதுமே. "நியாயமான விலை"ங்கற வார்த்தையே தேவைப்படாது.

மொத்தக்கடை ராஜா
அம்மணி, இது ஏசி ரூம் யோசனை. நான் எண்ணெய் டிஸ்ட்ரிபியூட்டர். தாளிக்க மட்டும்னா மாசம் அரை லிட்டர். அஞ்சு லிட்டர் டின்னை யார் தூக்குவா? எங்க அப்பத்தா முறுக்கே செக்கு எண்ணெய்லதான் சுட்டாங்க, ஒண்ணும் பொங்கலை. சட்டியில பாதிக்கு மேல ஊத்தாம, ஈரமில்லாத மாவா இருந்தா சரியா வரும். அதைச் சொல்லிக்குடுங்க.

கீதா பிளானிங்
அப்பத்தாவுக்கு அந்தப் பக்குவம் கையில இருந்துச்சு. ரீஃபைண்ட்ல பழகினவங்களுக்கு 30 செகண்ட்ல அதைக் கத்துக்குடுக்க முடியாது, லேபிள் பின்னால எழுதலாம். டின் பத்தி நீங்க கேக்கறது நியாயம், ஆனா டின் வாங்கறவங்க ஏற்கனவே உங்க ஆளுங்க. அவங்களுக்கு இந்தப் படம் வேண்டாம். ஒரே படத்துல ரெண்டு பேரையும் பிடிக்கணும்னா பழையபடி ஆறு செய்தி ஆயிடும்.

மொத்தக்கடை ராஜா
ரெண்டு பேர்ல யார்கிட்ட அதிகப் பணம் வருதுன்னு கணக்குப் பாக்காம முடிவு பண்ணாதீங்க. அவ்வளவுதான் சொல்றேன்.

பட்டறை மணி
ராஜா கேக்கறது சரி. அப்புறம் கட்டுப்பாடுன்னு என்ன எழுதறது? "பிராண்ட் மஞ்சள் வேணும்", அதானே?

கீதா பிளானிங்
மஞ்சளை கடைசியில எழுதிக்கலாம். முதல்ல சட்டம். "இதயத்துக்கு இதம்", "கொலஸ்ட்ரால் எதிரி", "டபுள் ரீஃபைண்ட்" மாதிரி வார்த்தைகளை சமையல் எண்ணெய் பாக்கெட்லயும் லேபிள்லயும் விளம்பரத்துலயும் போடக்கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கு. பெருந்துறைக்காரர் பிரீஃப்ல அதுல ஒண்ணு அப்படியே உக்காந்திருக்கு. கொலஸ்ட்ரால் இயல்பாவே எந்தத் தாவர எண்ணெய்லயும் கிட்டத்தட்ட இல்லாத சமாச்சாரம். உங்களுது மட்டும் அப்படிங்கற மாதிரி காட்டினா வம்பு வரும். ஏஜென்சி இது தெரியாம எழுதி, ஷூட் முடிஞ்சு, கடைசியில வாய்ஸ் ஓவர் மாத்தறது வரைக்கும் போகும்.

அடுத்தது பணம். மணி சார், சொல்லாம விட்டா அவங்க உங்களால தாங்க முடியாத படத்தை யோசிப்பாங்க, நீங்க வெட்டுவீங்க, வெட்டினது நொண்டும். மேல்வரம்பை எழுதுங்க, அதுல படம் எடுக்க எவ்வளவு, ஒளிபரப்ப எவ்வளவுன்னு பிரிச்சும் எழுதுங்க. ஒரே அடுப்படி, ஒரே நாள் ஷூட்டுன்னா எழுதறவன் அதுக்குள்ள யோசிப்பான்.

பட்டறை மணி
நாங்க வரம்பு சொன்ன வேலையெல்லாம் வரம்பைத் தொட்டுத்தான் நின்னுச்சு. நான் ஒத்துக்க மாட்டேன்.

கீதா பிளானிங்
தொட்டா என்ன? தாண்டலைல்ல.

பெருந்துறைக்காரன்
இப்படி எழுதி வெச்சிருக்கேன், பாருங்க:

"பிரச்னை: முதல் பாட்டில் வாங்கினவர் பாதிப் பேர் திரும்ப வாங்கவில்லை. யாருக்கு: கோவை, திருப்பூரில் செக்கு எண்ணெயில் பொரித்துப் பார்த்து ஏமாந்து ரீஃபைண்டுக்குத் திரும்பியவர். ஒரே செய்தி: பொரிக்க எது வேணா வைங்க, தாளிக்க இதை வைங்க. ஏன் நம்பணும்: தாளிக்கும்போது எழும் வாசம். செய்யக்கூடாதது: இதயம், கொலஸ்ட்ரால், மருத்துவப் பேச்சு, பாட்டி, மாடு. ஓகே சொல்பவர்: முதலாளி மட்டும்."

பஸ் பின்பக்கத்தை எடுத்துட்டேன், வாசத்தை அங்க எப்படிக் காட்டறது?

டிசைனர் தம்பி
கடுகு வெடிக்கிற கரண்டி ஒண்ணைப் பெருசா போடலாமேண்ணா.

கீதா பிளானிங்
பஸ் வேணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும், நீங்க எடுக்காதீங்க. "பாட்டி, மாடு வேண்டாம்"ங்கறதையும் அடிச்சுருங்க, அது ருசி, கட்டுப்பாடு இல்லை. முதலாளி ஏன் மறுத்தாருங்கற காரணத்தை எழுதுங்க. முக்கியமா, அவர் கையெழுத்து பிரீஃப்ல விழணும், ஐடியா வர்றதுக்கு முன்னாடி.

பெருந்துறைக்காரன்
காரணம் கேட்டேங்க. "எல்லா எண்ணெய் விளம்பரமும் இதேதான்"னாரு. அதையே போடறேன். ஆனா "பொரிக்க எது வேணா வைங்க"ன்னு படிச்சதும் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. ராஜாண்ணன் கேட்டதையேதான் கேக்கறாரு. டின் கணக்கும் பாட்டில் கணக்கும் எடுத்துட்டு திங்கக்கிழமை திரும்ப உக்காரோம்.

மொத்தக்கடை ராஜா
தீபாவளி மாசத்தைச் சேர்க்காம எடுங்க. அந்த மாசம் எல்லாரும் பலகாரம் சுடுவாங்க, டின் கணக்கு ஏமாத்தும்.