மறு: கோவை ஒப்புதலில் ‘கைமாற்று’, ‘மீள்செய்கை’ – வெள்ளிக்கு முன் சொல் வேண்டும்

உவர்மலை:
வணக்கம். திட்ட உத்தியோகத்தர்களுக்கான வேலையில் விரயத்தைக் குறைக்கிற லீன் முறைப் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒப்புதல் கோவை எங்கே கிடக்கிறது, எங்கே திரும்புகிறது, எங்கே கைமாறுகிறது என்று பார்க்கிற பகுதி. ‘காத்திருப்பு’ சரி. கோவை திரும்பி வந்து மறுபடி செய்வதற்கு ‘மீள்செய்கை’, கை மாறும்போது தொலைவதற்கு ‘கைமாற்று’, எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘விரயம்’ என்று போட்டிருக்கிறேன். உதாரணம் ஒரு மதகு மதிப்பீடு: ஒப்புதலுக்கு 19 வேலைநாள், கோவையைத் திறந்து வேலை செய்த நேரம் எல்லாம் சேர்த்து 4 மணித்தியாலம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தம்பி, கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்குகிற சில்லறைக் கடன். குறள் 211-இல் வரும் ‘கைம்மாறு’ வேறு, அதில் மகரம் ஏன் இரட்டித்தது என்று தனி மடல் எழுதுகிறேன். விரயம் வடசொல், அதைச் சாதகக்காரர் பன்னிரண்டாம் வீட்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். ‘வீண்’ போதாதா?

கந்தளாய்:
மீள்செய்கை என்றால் எங்கள் பக்கம் அழிந்த வயலைத் திரும்ப விதைக்கிறது. அது கிடக்க, என் உரமானியக் கோவையும் எங்கேயோ கிடக்கிறது, யாரிடம் கேட்கலாம்?

மென்பொருள் தம்பி:
எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினால் கைமாற்றமே இருக்காது, சொல்லும் தேவைப்படாது.

கிண்ணியாப் பொறியியலாளர்:
கணினியில் ஏற்றினால் கோவையைத் தூக்கிக்கொண்டு நடப்பது மிச்சம், அவ்வளவுதான். மதகுக்கு ஏன் பெரிய குழாய் போட்டேன் என்பது என் தலையில் இருக்கிறது, கணக்காளருக்குத் தாள்தான் போகிறது. வழியில் தொலைகிற அந்தக் காரணம்தான் நட்டம். டொயோட்டாவின் ஓனோ சொன்ன ஏழு விரயங்களில் இது தனியாக இல்லை, மென்பொருள்காரர்தான் பிறகு சேர்த்தார்கள், தம்பி!

உதாரணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. அந்த 19 நாளையும் காத்திருப்பு என்று எழுதாதீர்கள். கணக்காளர் வியாழனில் மட்டும் கோவை பார்க்கிறார் என்றால் முதல் தடவை கிடந்தது காத்திருப்பு. செலவுத் தலைப்பு இலக்கம் இல்லையென்று திருப்பி, அது அடுத்த வியாழன் வரை கிடந்தால், அந்த ஒரு கிழமை திருப்பத்தின் கணக்கில் போக வேண்டும். இல்லாவிட்டால் ‘கணக்காளர் தாமதம்’ என்று முடித்துவிடுவார்கள், முதல் படிவத்தில் இலக்கத்துக்குக் கட்டம் இல்லாதது யார் கண்ணிலும் படாது.

திரும்பாமல் போவதையும் எண்ணுங்கள். என் மேசையில் 10-க்கு 8, கணக்காளரிடம் 10-க்கு 5 என்றால் இரண்டையும் பெருக்க வேண்டும். 10-இல் 4 கோவைதான் ஒரே ஓட்டத்தில் போய்ச் சேரும். ஆனால் மேசைகளை எல்லாம் ஒன்றாக்க முடியாது. மதிப்பீடு போட்டவரே அதை அங்கீகரிக்கக் கூடாது, அந்தக் கைமாற்றம் இருக்கத்தான் வேண்டும்.

உவர்மலை:
சரி, உதாரணத்தைப் பிரித்து எழுதுகிறேன். ‘கையளிப்பு இழப்பு’, ‘மீள்வேலை’ என்று மாற்றட்டுமா? விரயம் இருக்கட்டும் ஐயா, வீண் என்றால் ஆளைத் திட்டுகிற மாதிரி இருக்கிறது.

கந்தளாய்:
எனக்குச் சம்மதம்.

கிண்ணியாப் பொறியியலாளர்:
கையளிப்பு சரி. மீள்வேலை என்றால் திரும்பச் செய்தவனைத்தான் காட்டும், திருப்பி அனுப்பவைத்த குறை தெரியாது. ‘திருப்பம்’ என்றே நான் வகுப்பில் சொல்வேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
திருப்பம் கதையில் வருவது. விரயத்துக்கு என் மறுப்பு அப்படியே இருக்கிறது, பதிந்துகொள்ளுங்கள்.