சிவப்பு ஆயில் லைட்: வண்டியை ஓட்டிப் போகலாமா, இழுத்துப் போக வேண்டுமா?

தங்கை ஒரு போட்டோ அனுப்பி, “அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டிருக்கிறாள். டேஷ்போர்டில் சிவப்பு நிறத்தில் எண்ணெய்க் குடுவை, அதன் மூக்கில் ஒரு சொட்டு. ஆயில் பிரஷர் லைட்தான். உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டேன்.

போட்டோவில் லைட் விட்டுவிட்டு எரிகிறதா, நிலையாக எரிகிறதா என்று தெரியாது. கேட்டதில், இன்ஜின் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது மட்டும் மினுக்குகிறதாம், ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடுகிறதாம். சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் இந்த லைட் காட்டுவது அளவை அல்ல, அழுத்தத்தை. அளவு சரியாக இருந்தாலும் பம்ப் தேய்ந்திருக்கலாம், சல்லடை அடைத்திருக்கலாம், ஆயில் நீர்த்துப் போயிருக்கலாம். வெறும் சென்சார் கோளாறாகவும் இருக்கலாம். சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி அளந்தால்தான் உறுதியாகத் தெரியும். அது மெக்கானிக் வேலை.

மஞ்சள் இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டச் சொல்லியிருப்பேன். இதில் அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. அழுத்தம் நிஜமாகவே குறைந்திருந்தால் பேரிங் சில நிமிடங்களில் போய்விடும்.

மிதித்தால் அணைகிறதே, பக்கத்து ஒர்க்ஷாப் வரை ஓட்டுகிறேன் என்கிறாள். இழுத்துத்தான் போக வேண்டும் என்கிறேன் நான். இதே அறிகுறியைப் பார்த்தவர்கள், குறிப்பாக மெக்கானிக் நண்பர்கள், கேஜ் வைத்ததில் என்ன தெரிந்தது என்று சொல்லுங்களேன்.