முடித்த மேரியோவை மறுபடி ஓட்டுபவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

வெண்ணாற்றங்கரை
டிவி கேம் காலத்திலேயே சூப்பர் மேரியோவை முடித்தவன். இப்போது கணினியில் நேரம் வைத்து ஓட்டுகிறேன். 1-2 கூரை வழியாக 4-1, 4-2 வழியாக 8-1. அன்று 8-1இல் கம்பத்தைப் பிடித்தபோது நேரத்தின் கடைசி இலக்கம் 6. ஆறு வெடி. சின்ன வயதில் அதற்காகவே காத்திருந்து குதிப்போம். அன்று ஒவ்வொரு வெடிக்கும் பல்லைக் கடித்தேன். அதையாவது விடலாம். 1-1இல் பழைய ஓட்டத்தைவிட முன்னதாகவே கம்பத்தைத் தொட்டேன், இரண்டு பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். 1-2 தொடங்கிய நேரம் மட்டும் இம்மியும் மாறவில்லை. ஏன்?

குடந்தைக்காரன்
கணினி திணறுகிறது, வேறொன்றுமில்லை. பின்னால் ஓடும் மற்றவற்றை மூடுங்கள், விசைப்பலகையை விட்டுவிட்டுக் கம்பி வைத்த கைப்பிடி வாங்குங்கள், திரையையும் மாற்றுங்கள். நான் மாற்றிய பிறகு கை சொன்னபடி கேட்கிறது. வெடி வேண்டாமென்றால் கடைசி இலக்கம் 1, 3, 6 வராமல் பிடிக்க வேண்டும்.

திருவையாறு
வெடிக் கணக்கு சரி, மற்றது தவறு. அவருடைய கணினிமேல் பழி போடாதீர்கள். கட்டம் முடிந்தவுடன் ஆட்டம் அடுத்ததைத் திறக்காது; 21 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் வழிவிடும், ஏறக்குறைய 0.35 விநாடி. பேருந்து நிலையத்துக்கு முன்னதாகவே வந்து நின்றாலும் பஸ் அதன் நேரத்துக்குத்தானே எடுப்பார்கள்? நீங்கள் முந்தியது உண்மை, முந்தைய பஸ்ஸைப் பிடிக்கும் அளவுக்கு முந்தவில்லை. ஆகவே 1-1இல் அதே நேரம் வந்தால் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள், எதுவும் போய்விடவில்லை. 8-4 மட்டும் விலக்கு. கோடரியைத் தொட்டதும் கணக்கு முடிகிறது, ஒவ்வொரு ஃபிரேமும் உங்களுடையது. என்னை உறுத்துவது வேறு. நம் ஊர்ப் பெட்டிகள் பல விநாடிக்கு 50 ஃபிரேமில் ஓடியவை, கணினியில் 60. 8-2இல் பள்ளத்தின் விளிம்பில் என் விரல் இன்றும் பழைய வேகத்துக்குத்தான் அழுத்துகிறது. மேரியோ அதற்குள் பள்ளத்துக்குள் இருக்கிறார்.

நாகை அத்தை
இவ்வளவு அவசரம் எதற்கு? நானும் அண்ணன் மகனும் காளானைத் தொடாமல், குறுக்கு வழி எடுக்காமல் 32 கட்டமும் போகிறோம். 8-3இல் சுத்தியல்காரர்கள் இரண்டிரண்டு பேராக நிற்கும்போது, சின்ன மேரியோவுக்கு ஓர் அடிதான். சண்டை வந்தது அங்கே அல்ல, 1-1இல். தெரியாமல் கட்டையை முட்டிவிட்டேன். காளான் வலப்புறம் போய் விழுந்து, குழாயில் மோதித் திரும்பி நேராக என்மேல் வந்து ஒட்டிக்கொண்டது. அடிபட்டுச் சின்னதாகிவிட்டுத் தொடரலாம் என்கிறான் அவன். தொட்டது தொட்டதுதான் என்கிறேன் நான்.

குடந்தைக்காரன்
அத்தை, தானாக வந்து மோதியதை எப்படித் தொட்டதாகக் கணக்கிடுவது?

வெண்ணாற்றங்கரை
குதித்துத் தாண்டியிருக்கலாமே. திருவையாறு அண்ணா, அப்படியானால் 1-1இல் நிறுத்திய ஓட்டங்களையெல்லாம் வீணாகத்தான் நிறுத்தியிருக்கிறேனா?