மணிமுள் இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்கும் இடத்துக்கு ஒரு சொல்

பவானி, ஈரோடு

அன்புள்ள குழுவினருக்கு,

சிறுவர்கள் கடிகாரம் பார்த்து மணி சொல்லப் பழகுவதற்கான அட்டைகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல் கிடைக்காமல் நான்கு நாளாக அப்படியே நிற்கிறது.

என் மகளுக்கு ஐந்தரை வயது. வீட்டில் இருந்த பழைய சுவர்க்கடிகாரத்தில் நிமிட முள்ளையும் நொடி முள்ளையும் கழற்றிவிட்டு, சின்ன முள்ளை மட்டும் விட்டு ஓடவைத்திருக்கிறேன். முள் 3-க்கு நேராக இருந்தால் மூன்று மணி. அதில் அவளுக்குச் சிக்கல் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போனதும்தான் திணறுகிறாள். அப்போது நான் இரண்டே கேள்வி கேட்கிறேன்: "மூணைத் தாண்டிடுச்சா? நாலைத் தொட்டுடுச்சா?" தாண்டிவிட்டது, இன்னும் தொடவில்லை என்றால் அது மூன்று மணிக்கு உரிய நேரம்தான். இதை இப்போது பிடித்துக்கொண்டாள்.

அட்டையில் எழுதும்போதுதான் தடை. 3-இல் தொடங்கி 4-ஐத் தொடும்வரை உள்ள அந்தத் துண்டுக்கு ஒரு பெயர் வேண்டும். ஒவ்வொரு முறையும் "மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட பகுதி" என்று எழுதினால் வாசித்துக்காட்டும் பெற்றோருக்கே மூச்சு வாங்கும். எனக்குத் தோன்றியது "மணிக்கூடு". பறவை கூட்டுக்குள் இருப்பதுபோல முள் ஒரு மணி நேரம் அதற்குள் இருக்கிறது. சரியாக வருமா?

செந்தில், சென்னை

கூடு என்பது வடிவத்துக்குப் பொருந்தவில்லை. வட்டத்தில் 360 பாகை, 12 பிரிவு, ஆக ஒவ்வொன்றும் 30 பாகை. மணிமுள் இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்கிறது. எனவே "மணிப்பாகம்" என்று வைத்தால் துல்லியம், பின்னால் கணக்கிலும் உதவும்.

ஆனால் குழந்தைக்கு இப்படி ஒரு சொல் வேண்டுமா என்பதே என் கேள்வி. முள் எந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதுதான் மணி என்று சொல்லிவிட்டால் போதாதா? எங்கள் வீட்டில் பையனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், கற்றுக்கொண்டான்.

ராஜகோபால், திருச்சி

அனலாக் கடிகாரத்துக்குச் சொல் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஒப்புமைக் கடிகாரம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதைப் படித்து யாருக்கும் எதுவும் புரிவதில்லை. "முள் கடிகாரம்" என்று எழுதலாம், மற்றதை "எண் கடிகாரம்" எனலாம். நான் நெடுநாளாக இப்படித்தான் எழுதி வருகிறேன்.

கணேசன், மதுரை

நான் கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். ராஜகோபால் ஐயா, பவானி கேட்டது கடிகாரத்துக்கான சொல் அல்ல, டயலில் ஒரு துண்டுக்கான சொல். ஆனாலும் "முள் கடிகாரம்" நல்ல சொல். பவானி அட்டைத் தலைப்பில் அதையே போடலாம்.

செந்தில் தம்பி சொன்ன 30 பாகை சரி. பக்கத்து எண் என்பதுதான் சரியில்லை. 2:50-க்கு மணிமுள் எங்கே நிற்கும் பாருங்கள். 3-க்கு 5 பாகை முன்னால். பார்க்கிற கண்ணுக்கு 3-ஐத் தொட்டது போலவே இருக்கும். பக்கத்து எண் என்று பழகிய பிள்ளை மணி மூன்று என்று பிடித்துக்கொண்டு, நிமிட முள்ளையும் பார்த்து 3:50 என்று சொல்லும். ஒரு மணி நேரப் பிழை. அரை மணி தாண்டிய எல்லா நேரத்திலும் முள் அடுத்த எண்ணுக்குத்தான் பக்கத்தில் இருக்கும். பாதி நேரம் தவறாகப்போகிற விதியை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பவானியின் இரண்டு கேள்விகளில் அந்தப் பிழை வராது. அதனால் அந்தத் துண்டுக்கு ஒரு பெயர் தேவைதான்.

இன்னொன்று. முள்ளைக் கழற்றித் திரும்பப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சுவர்க்கடிகார மெஷினில் மணிமுள் ஒரு குழாய்மேல் இறுக்கமாகச் செருகி மட்டும்தான் இருக்கும். இழுத்தால் வரும், திருப்பினால் வழுக்கும். கொஞ்சம் கோணலாகச் செருகிவிட்டால் நிமிட முள் 12-இல் இருக்கும்போது மணிமுள் 3-க்கு முன்னாலோ பின்னாலோ நிற்கும். அப்படிப்பட்ட கடிகாரத்தில் "தாண்டிடுச்சா" என்று கேட்டால் பிள்ளை சொல்கிற பதிலில் தப்பே இருக்காது, கடிகாரம்தான் தப்பு. முதலில் 12 மணிக்கு வைத்து இரண்டு முள்ளும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும்படி செருகுங்கள். பிறகு பின்னால் உள்ள திருகைத் திருப்பி 6 மணிக்குக் கொண்டுவந்து பாருங்கள். இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

அட்டையில் செய்த விளையாட்டுக் கடிகாரங்களில் இரண்டு முள்ளும் தனித்தனியாகச் சுற்றும். 3:30 என்று வைத்துவிட்டு மணிமுள்ளை 3-க்கு நேராகவே விட்டுவிடுவார்கள். உண்மையான கடிகாரத்தில் அப்படி ஒரு நேரமே கிடையாது. அதில் பழகிய பிள்ளை சுவரைப் பார்த்ததும் குழம்புகிறது.

பழைய ஐரோப்பியக் கடிகாரங்களில் மணிமுள் ஒன்றுதான் இருந்தது. இரண்டு எண்களுக்கு நடுவில் கால் மணிக் கோடுகள் போட்டு அதை வைத்தே நேரம் சொன்னார்கள். 1656-இல் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரம் செய்து நேரம் துல்லியப்பட்ட பிறகுதான் நிமிட முள் பரவலானது. பவானி தன் மகளை அதே வழியில் கூட்டிப்போகிறார்.

தர்சினி, யாழ்ப்பாணம்

பவானி அக்கா, "மணிக்கூடு" வேண்டாம். எங்கள் பக்கம் கடிகாரத்துக்கே மணிக்கூடு என்றுதான் சொல்லுவோம். அட்டையில் "முள் எந்த மணிக்கூட்டில் நிற்கிறது?" என்று போட்டால் எங்கள் பிள்ளைகள் சுவரில் உள்ள மணிக்கூட்டைக் காட்டுவார்கள்.

நாங்கள் கால அளவைச் சொல்லும்போது மணித்தியாலம் என்போம். மூன்று மணி வேறு, மூன்று மணித்தியாலம் வேறு. உங்கள் பக்கம் இரண்டுக்கும் "மணி" வருகிறது. மூன்று மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் முழுக்க முள் இருக்கிற இடத்துக்குத்தானே பெயர் தேடுகிறீர்கள்? "மணிவீடு" என்று வைத்தால் என்ன? அது மூன்றின் வீடு. வாசலில் மூன்று. நாலைத் தொட்டால் அடுத்த வீட்டு வாசல்.

தேன்மொழி, தஞ்சாவூர்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். வீடு என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, காரணம் அதற்குள் நடக்க முடியும். நாம் பேசுகிற மணியே அப்படித்தான் இருக்கிறது. மூணேகால், மூன்றரை, மூணே முக்கால். மூன்று என்ற பெயரை முன்னால் வைத்துக்கொண்டே நான்கின் வாசல்வரை போய்விடுகிறோம். 3:45-ஐச் சொல்லும்போதும் வாயில் மூன்றுதான் வருகிறது. ஆங்கிலத்தில் அதே நேரத்தை நான்குக்குக் கால் மணி முன்பு என்று சொல்லிப் பழகும் பிள்ளை அந்த இடத்தில் மூன்றை விட்டு நான்குக்குத் தாவ வேண்டும். நம் பிள்ளைக்கு அந்தத் தாவல் இல்லை.

எனவே நிமிட முள்ளைப் போடும் முன் ஒரு படி சேருங்கள். ஒற்றை முள்ளை வைத்தே வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேளுங்கள். கால் வீடா, அரை வீடா, முக்கால் வீடா? டயலில் எண்களுக்கு நடுவே சின்னக் கோடுகள் இருந்தால் அரைக்குக் கோடு இருக்காது, இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில் வரும். அதனால் முதலில் கோடில்லாத டயல் நல்லது.

பத்து நிமிடம் குறைவாக நான்கு என்பதை மட்டும் "நாலாகப் பத்து நிமிஷம் இருக்கு" என்போம். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பவானி, ஈரோடு

மணிக்கூட்டை விட்டுவிட்டேன், தர்சினிக்கு நன்றி. இரண்டு வாரமாக வீடு என்றுதான் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் வாரம் ஒற்றை முள்தான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது "எட்டு வீட்டுல பாதி வந்துடுச்சு" என்று அவளாகவே சொன்னாள். எட்டரை. என் கைபேசியில் 8:34. நாலு நிமிடம் என்பது இரண்டு பாகை, அதைக் கண்ணால் பிரிக்க எனக்கே முடியாது. ஒற்றை முள்ளால் அதற்குமேல் எட்டாது என்பதே நிமிட முள்ளைத் திரும்பப் போட நல்ல காரணமாக அமைந்தது. அவளிடமும் அப்படித்தான் சொன்னேன்: சின்ன முள் எந்த வீடு என்று சொல்லும், வீட்டுக்குள் எவ்வளவு தூரம் என்பதைப் பெரிய முள் சொல்லும்.

கணேசன் ஐயா சொன்ன 2:50-ஐ வேண்டுமென்றே வைத்தேன். முதலில் பெரிய முள்ளைக் கையால் மறைத்துக்கொண்டேன். "மூணைத் தொட்டுடுச்சா?" கிட்டப் போய்ப் பார்த்தாள். "தொடப் போகுது." அப்போ எந்த வீடு? "ரெண்டு." கையை எடுத்தேன். பெரிய முள் 10-இல். அங்கேதான் விழுந்தாள். "ரெண்டு பத்து" என்றாள்.

அவளுக்கு ஐந்து ஐந்தாக எண்ணத் தெரியும். 12-இல் தொடங்கி ஒவ்வொரு எண்ணையும் தொட்டு ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணச் சொன்னதும் ஐம்பதில் வந்து நின்றாள். சரி, எண்ணினால் வருகிறது. ஆனால் எழுதியிருப்பது 10, சொல்ல வேண்டியது 50. ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர். இந்த இரண்டாவது பெயரை அட்டையில் எப்படிக் குறிப்பது?

செந்தில், சென்னை

பக்கத்து எண் விதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பையனிடம் 2:50 வைத்துக் கேட்டேன், 3:50 என்றான். இரண்டு வருடமாகக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஆனால் "மணிவீடு" பேச்சுக்குச் சரி, பாடநூலுக்குச் சரியா? ஜாதகத்தில் பன்னிரண்டு வீடு இருக்கிறது. பெரியவர்கள் அங்கே போய்விடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் மணிப்பாகம் என்றே இருக்கட்டும்.

நிமிடத்துக்கு "ஐந்தெண்" எப்படி? 10-இன் ஐந்தெண் 50.

தேன்மொழி, தஞ்சாவூர்

ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஜாதகம் தெரியாது, வீடு தெரியும். ஐந்தெண் எனக்குச் சரியாகப் படவில்லை, 5 என்ற எண்ணையே குறிப்பதுபோல இருக்கிறது. 5-இன் ஐந்தெண் 25 என்று சொல்லிப் பாருங்கள். நான் டயலுக்கு வெளியே வண்ணத்தாளில் 5, 10, 15 எழுதி ஒட்டிவிட்டு, "பெரிய முள் வெளியே உள்ளதைப் படிக்கும்" என்று சொல்வேன். சில வாரம் கழித்து ஒவ்வொன்றாகக் கிழித்துவிடுவேன். 15, 30, 45 முதலில் போகும், அவை ஏற்கெனவே கால், அரை, முக்காலாகத் தெரிந்தவை. பிள்ளைகள் கடைசிவரை பார்த்துக்கொள்வது 35-ஐயும் 40-ஐயும்.

கணேசன், மதுரை

"வெளியெண்" என்றே வைத்துவிடலாமே? தாளைக் கிழித்த பிறகும் அது வெளியே இருந்த நினைவு இருக்கும்.

பவானி, ஈரோடு

அட்டைகளில் மணிவீடு என்றே அச்சாகிறது. பெற்றோருக்கான பின்பக்கத்தில் மணிப்பாகம் என்றும் ஒருமுறை குறிப்பிடுகிறேன். வெளியெண்ணை இந்த வாரம் அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. நேற்று 12:20-ஐப் பார்த்து, "பன்னண்டுதான் பெரிய நம்பர், அதுக்கு அடுத்த வீடு எப்படி ஒண்ணு ஆகும்?" என்றாள். பதிமூன்றாவது வீட்டைத் தேடுகிறாள். வகுப்பில் இதற்கு என்ன சொல்வீர்கள், தேன்மொழி?